கார்டில் குரூப், ஆர்டரில் டிரேடர்ஸ், வங்கியில் பிரைவேட் லிமிடெட்: கடனுக்குப் பொறுப்பு யார்?

கேள்வி: ஐயா, ஈத்தாமொழிக்குப் பக்கத்தில் சிறிய கயிற்று யூனிட் வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு வியாபாரி மாதம் 6 லட்ச ரூபாய்க்குக் கயிறு கேட்கிறார். பணம் 45 நாள் கழித்துத் தருவாராம். அவருடைய விசிட்டிங் கார்டில் 'குரூப் ஆஃப் கம்பெனீஸ்' என்றும், பர்ச்சேஸ் ஆர்டரில் 'டிரேடர்ஸ்' என்றும் இருக்கிறது. அட்வான்ஸ் 50,000 ரூபாய் வந்ததோ ஒரு 'பிரைவேட் லிமிடெட்' கணக்கிலிருந்து. தன்னை எம்.டி. என்கிறார். பிரைவேட் லிமிடெட், பப்ளிக் லிமிடெட், பார்ட்னர்ஷிப், தனி உரிமையாளர் என்கிறார்களே, இவர் இதில் எது என்று நானே பார்க்க முடியுமா? பணம் வராவிட்டால் யாரைக் கேட்பது? தாள்களின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பார்க்க முடியும். அதற்கு ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ போக வேண்டியதில்லை. செல்போனும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பெரும்பகுதி வேலை ஒரு மாலை நேரத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் குறிப்பிட்ட நான்கு வகைகளுக்கும் இடையே வரி, தணிக்கை, நிர்வாகம் எனப் பல வித்தியாசங்கள் உண்டு என்றாலும், கடனுக்குச் சரக்கு கொடுப்பவர் முதலில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்றுதான்: பணம் வராதபோது நீதிமன்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டு யாருடைய சொத்தின்மேல் கை வைக்க முடியும் என்பது. மாதம் 6 லட்சத்துக்குச் சரக்கு, 45 நாள் தவணை என்றால், எந்த நாளிலும் சுமார் 9 லட்ச ரூபாய் உங்களுக்கு வெளியே நிற்கும். அந்த 9 லட்சத்துக்குச் சட்டப்படி கடனாளி யார் என்பதைக் கண்டுபிடிக்கும் வேலையாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய தாள்களில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. உண்மைப் பெயரை இங்கே அச்சிட இயலாது என்பதால் 'இன்னார் குரூப்', 'இன்னார் டிரேடர்ஸ்', 'இன்னார் ஃபைபர்ஸ் பிரைவேட் லிமிடெட்' என்று வைத்துக்கொள்வோம். இவற்றில் முதலாவதை இப்போதே ஒதுக்கிவிடலாம். 'குரூப்' என்பது விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளும் பெயரே தவிர, அதற்குச் சொத்தும் இல்லை, கடன்படும் தகுதியும் இல்லை, அதன்மேல் வழக்குத் தொடுக்கவும் முடியாது. மீதி இரண்டும் உரிமையாளர்கள் ஒரே குடும்பத்தினராக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் இரண்டு வெவ்வேறு ஆட்கள். ஒன்றின் கடனை மற்றொன்று கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உங்கள் விஷயத்தில் ஆபத்து முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

தேடலை ஜி.எஸ்.டி. எண்ணிலிருந்து தொடங்குங்கள். பதினைந்து எழுத்துகள் கொண்ட அந்த எண் பர்ச்சேஸ் ஆர்டரின் தலைப்பிலேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. களியக்காவிளையைத் தாண்டினால் அடுத்த மாநிலம் என்பதால் நம் மாவட்டத்தில் இதை மறக்காமல் பார்க்க வேண்டும். நாகர்கோவிலில் அலுவலகம் வைத்திருப்பவரின் பதிவு நெய்யாற்றின்கரையில் இருப்பது இங்கே அபூர்வமல்ல. மாநில எண்ணுக்குப் பின் வரும் பத்து எழுத்துகள் அந்த வியாபாரத்தின் பான் எண். அந்தப் பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது முழு ஜி.எஸ்.டி. எண்ணின் ஆறாவது எழுத்து, வியாபாரம் எந்த வகை என்பதைச் சொல்லிவிடும். P என்றால் தனிநபர், அதாவது தனி உரிமையாளர். F என்றால் கூட்டாண்மை. C என்றால் கம்பெனி. கற்பனையாக ஓர் எண்ணை எழுதிக் காட்டுகிறேன்:

```
33AAAFX0000X1ZX
```

இதில் 33-ஐ அடுத்து வரும் AAAFX0000X என்பது பான். அதில் நான்காவதாக நிற்பது F. உங்கள் வியாபாரியின் பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள எண்ணிலும் அந்த இடத்தில் F-தான் இருக்கிறது.

எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், www.gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற பகுதியில் அந்த எண்ணை இட்டுப் பாருங்கள். அதற்குக் கட்டணமும் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். வரும் பக்கத்தில் Legal Name of Business என்பதற்கு எதிரே சட்டப்படியான பெயரும், Trade Name என்பதற்கு எதிரே கடைப்பெயரும், Constitution of Business என்பதற்கு எதிரே வியாபாரத்தின் வகையும் தெரியும். இந்த மூன்றாவது வரியைத் தவறாமல் படியுங்கள், ஏனெனில் எல்.எல்.பி. எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைக்கும் பான் எண்ணில் F என்ற எழுத்தே வரும், ஆனால் அதில் பங்குதாரர்களின் சொந்தச் சொத்து பொதுவாகக் கடனுக்குக் கட்டுப்படாது. உங்கள் வியாபாரிக்கு Partnership என்று காட்டுகிறது. ஆகவே 'இன்னார் டிரேடர்ஸ்' சாதாரணக் கூட்டாண்மை.

அதே பக்கத்தில் இன்னும் இரண்டைக் கவனிக்கலாம். பதிவின் நிலை Active என்று இருக்கிறதா, Suspended அல்லது Cancelled என்று இருக்கிறதா என்பது ஒன்று. மாதாந்தர ரிட்டர்ன்களை எந்தெந்தத் தேதியில் தாக்கல் செய்திருக்கிறார்கள் என்ற அட்டவணை மற்றொன்று. GSTR-3B என்பது வரியைக் கட்டித் தாக்கல் செய்ய வேண்டிய படிவம் என்பதால், அது தொடர்ந்து சில மாதங்கள் தாமதமாகியிருந்தால் கையில் பணப் புழக்கம் இறுகியிருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். ஒரு மாதம் தவறியதைப் பெரிதாக எண்ண வேண்டாம். அது கணக்கு எழுதுபவரின் சோம்பலாகவும் இருக்கலாம்.

பெயர்ப் பலகையைப் பார்த்து வகையை ஊகிக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. 'அண்ட் கோ', 'பிரதர்ஸ்', 'அண்ட் சன்ஸ்', 'எண்டர்பிரைசஸ்', 'இண்டஸ்ட்ரீஸ்' ஆகிய எதுவும் வகையைச் சொல்வதில்லை. ஒரே ஓர் ஆள் நடத்தும் கடைக்கும் 'அண்ட் கோ' என்று பெயர் வைக்கத் தடையில்லை. 'லிமிடெட்', 'பிரைவேட் லிமிடெட்' என்ற சொற்களைத்தான் பதிவு பெறாதவர் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினால் கம்பெனிகள் சட்டத்தின் 453 ஆவது பிரிவின்படி ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 'எம்.டி.' என்ற பட்டத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். கூட்டாண்மையில் இருப்பது நிர்வாகப் பங்குதாரர், எம்.டி. என்பது கம்பெனிக்கு உரிய பதவி. அவர் உங்களிடம் பேசும்போது எந்தத் தொப்பியை அணிந்திருந்தார் என்பதை அந்தப் பட்டத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

இனி, கூட்டாண்மை என்றால் உங்களுக்கு என்ன நன்மை, எங்கே சறுக்கும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1932 ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் கடனுக்கு எல்லாப் பங்குதாரர்களும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனித்தனியாகவும் முழுப் பொறுப்பு. மூன்று பங்குதாரர்கள் இருந்து, அவர்களில் ஒருவருக்கு லாப நஷ்டத்தில் பத்து சதவீதம்தான் என்று அவர்களுடைய ஒப்பந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தாலும், அந்தப் பத்துச் சதவீதக்காரரிடமே உங்கள் 9 லட்சம் முழுவதையும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர் மற்றவர்களிடம் வசூலித்துக்கொள்வது அவர்களுக்குள் உள்ள கணக்கு. நிறுவனத்தின் சொத்து போதாவிட்டால் அவர்களுடைய வீடும் தோப்பும் கூடக் கடனுக்கு உட்படும்.

ஆனால் அந்தப் பங்குதாரர்கள் யார் யார் என்பது ஜி.எஸ்.டி. பக்கத்தில் இருந்து முழுமையாகத் தெரியாது. அதற்குக் கூட்டாண்மை நிறுவனங்களின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவுத் துறையின் மாவட்டப் பதிவாளரே நிறுவனங்களின் பதிவாளராகவும் இருக்கிறார். நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, பதிவேட்டின் சான்றிட்ட நகலுக்கு மனுச் செய்து கட்டணம் கட்டினால், பங்குதாரர்களின் பெயர், முகவரி, சேர்ந்த தேதி, பிறகு அறிவிக்கப்பட்ட மாற்றங்கள் ஆகியவை கிடைக்கும். யார் வேண்டுமானாலும் இதைக் கேட்கலாம். வியாபாரியின் அனுமதி தேவையில்லை. அதோடு, கூட்டாண்மை ஒப்பந்தப் பத்திரத்தின் நகலையும் அவரிடமே கேளுங்கள். வங்கியில் நடப்புக் கணக்குத் தொடங்கும்போதே அதைக் கொடுத்திருப்பார் என்பதால், தர மறுப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நிறுவனம் பதிவு செய்யப்படவில்லை என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். கூட்டாண்மையைப் பதிவு செய்வது கட்டாயமல்ல. பதிவு செய்யாத நிறுவனம் தன் வாடிக்கையாளர்மேல் ஒப்பந்தத்தை வைத்து வழக்குத் தொடுக்க முடியாது என்று 69 ஆவது பிரிவு சொல்கிறதே ஒழிய, நீங்கள் அந்த நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுப்பதை அது தடுக்கவில்லை. பாதிப்பு வேறு வகையில் வரும்: பங்குதாரர்கள் யார் என்பதற்கு அரசுப் பதிவேடு சாட்சி சொல்லாது, நீங்களே நிரூபிக்க வேண்டியிருக்கும். அப்போது ஒப்பந்தப் பத்திர நகலின் மதிப்பு இரண்டு மடங்காகும்.

பதிவேட்டில் உள்ள பட்டியலை வாசிக்கும்போது மூன்று வகை ஆட்களைப் பிரித்துப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த பங்குதாரர், தான் சேர்வதற்கு முன் ஏற்பட்ட கடனுக்குப் பொறுப்பாக மாட்டார். விலகிய பங்குதாரர், தான் விலகுவதற்கு முன் ஏற்பட்ட கடனுக்குப் பொறுப்பிலேயே இருக்கிறார். விலகியதைப் பொது அறிவிப்பாக வெளியிடாவிட்டால், அவரைப் பங்குதாரராக அறிந்து வியாபாரம் செய்தவர்களுக்கு அதற்குப் பிந்தைய கடனுக்கும் பொறுப்பாவார். மூன்றாவது, குடும்ப நிறுவனங்களில் சில சமயம் சேர்க்கப்படும் மைனர் பிள்ளை; அந்தப் பிள்ளையின் பொறுப்பு நிறுவனத்தில் உள்ள பங்கோடு நின்றுவிடும், சொந்தச் சொத்துக்கு வராது. தாத்தா பெயரில் உள்ள பெரிய தோப்பைக் காட்டி 'நம்ம பார்ட்னர்தான்' என்று ஒருவர் சொன்னால், தாத்தா இன்றும் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்ப்பது அவரை அவமதிப்பதாகாது.

வழக்கு வரை போக நேர்ந்தால் ஒரு நுட்பத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயரிலேயே வழக்குத் தொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தீர்ப்புக்குப் பின் ஒரு பங்குதாரரின் சொந்தச் சொத்தை நேரடியாகப் பற்ற வேண்டுமானால், அவருக்குத் தனியே சம்மன் சேர்ந்திருக்க வேண்டும், அல்லது அவர் பங்குதாரர் என்ற முறையில் வழக்கில் முன்வந்திருக்க வேண்டும். அதனால்தான் அனுபவமுள்ள வக்கீல்கள் எல்லாப் பங்குதாரர்களின் பெயரையும் முகவரியோடு சேர்த்தே வழக்குப் போடுகிறார்கள். இன்றே அந்த முகவரிகளை வாங்கி வைப்பதன் பயன் அப்போது தெரியும். சரக்கின் விலைக்கு வழக்குத் தொடுக்கக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள்.

உங்கள் வியாபாரியின் எண்ணில் ஆறாவது எழுத்து P ஆக இருந்திருந்தால் நிலைமை இன்னும் எளிது, ஒரு விதத்தில் இன்னும் வலுவற்றது. தனி உரிமையாளர் வியாபாரத்துக்கென்று தனிப் பதிவேடு எதுவும் இல்லை. கடைப்பெயர் எதுவாக இருந்தாலும் Legal Name என்ற இடத்தில் ஓர் ஆளின் பெயர் வரும். அவரும் அந்த வியாபாரமும் சட்டப்படி ஒருவரே, ஆகவே அவருடைய எல்லாச் சொத்தும் கடனுக்குக் கட்டுப்படும். ஆனால் அந்தப் பெயர் யாருடையது என்பதைப் பார்க்க வேண்டும். பதிவு மனைவி பெயரில் இருக்கும். சந்தைக்கு வருவதும் விலை பேசுவதும் கையெழுத்திடுவதும் கணவராக இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் பணத்துக்குப் பொறுப்பானவர் பதிவில் உள்ள மனைவி. கணவரின் பெயரில் உள்ள நிலத்தைக் காட்டி நீங்கள் அடைந்த நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. உரிமையாளர் இறந்துவிட்டால் வியாபாரமும் அவரோடு முடிகிறது. வாரிசுகள் அவரிடமிருந்து பெற்ற சொத்தின் அளவுக்கே கடனுக்குப் பொறுப்பாவார்கள். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் உள்ள சரக்கு வியாபாரிகள் பெரும்பாலும் ஜி.எஸ்.டி. பதிவே இல்லாமல் சட்டப்படி நடத்தலாம் என்பதால், எண் இல்லை என்பதற்காக ஒருவரைச் சந்தேகிக்கவும் வேண்டாம்; அங்கே உத்யம் சான்றிதழ், வங்கிக் கணக்கின் பெயர், காசோலையில் உள்ள முத்திரை ஆகியவற்றைப் பார்த்து ஆளை உறுதிசெய்யலாம்.

அடுத்து, உங்களுக்கு அட்வான்ஸ் அனுப்பிய பிரைவேட் லிமிடெட். இதைத் தேட வேண்டிய இடம் மத்தியக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் www.mca.gov.in தளம். பயனராகப் பதிந்துகொண்டு, View Company or LLP Master Data என்ற பகுதியில் கம்பெனியின் பெயரையோ அடையாள எண்ணையோ இடுங்கள். CIN எனப்படும் அந்த அடையாள எண் 21 எழுத்துகள் கொண்டது. அதைத் தன் பில்லிலும் கடிதத் தாளிலும் பதிவு அலுவலக முகவரியோடு அச்சிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எண்ணின் முதல் எழுத்து U என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாதது, L என்றால் பட்டியலிடப்பட்டது. நடுவில் மாநிலமும், பதிவான ஆண்டும், அதன்பின் வகையைக் காட்டும் மூன்று எழுத்துகளும் இருக்கும்: PTC என்றால் பிரைவேட், PLC என்றால் பப்ளிக்.

நான் பார்த்தவரை 'இன்னார் ஃபைபர்ஸ் பிரைவேட் லிமிடெட்' உண்மையில் இருக்கிறது, நிலை Active. டைரக்டர்கள் இருவர். செலுத்தப்பட்ட மூலதனம் 1 லட்ச ரூபாய். கடைசி இருப்புநிலைக் குறிப்பின் தேதி என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்குக் பங்கு வைத்திருப்பவர்கள் குறைந்தபட்சம் இருவரும் டைரக்டர்கள் இருவரும் போதும். குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனையைச் சட்டம் 2015-இல் எடுத்துவிட்டது. எனவே 1 லட்சம் மூலதனத்தில் சட்டக் குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த 1 லட்சமும் இன்று வங்கியில் இருக்கிறது என்று பொருளில்லை; ஆரம்பத்தில் பங்கு எடுத்தவர்கள் போட்ட தொகை அது, செலவாகியும் இருக்கலாம். இருப்புநிலைக் குறிப்பைத் தாக்கல் செய்யாததற்குக் கம்பெனி புதியது என்ற காரணம் இருக்கலாம், அலட்சியமும் இருக்கலாம். பதிவான தேதியையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு நிதியாண்டு கடந்தும் அந்த இடம் வெறுமையாக இருந்தால் அலட்சியம் என்றே கொள்ளுங்கள்.

கம்பெனியின் கடனுக்குக் கம்பெனியின் சொத்தே பொறுப்பு. கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர்கள் தாங்கள் எடுத்த பங்கின் தொகையோடு தப்பிவிடுவார்கள், டைரக்டர்களும் மோசடி செய்தாலோ, தனியே ஜாமீன் கொடுத்திருந்தாலோ தவிரச் சொந்தப் பணத்தில் கொடுக்க வேண்டியதில்லை. இருக்கும் சொத்திலும் வங்கிக்கு முன்னுரிமை இருக்கலாம். அதே Master Data பக்கத்தில் Charges என்ற பகுதி இருக்கிறது. வங்கிக் கடனுக்காகச் சரக்கையும் வரவேண்டிய பாக்கியையும் ஈடு வைத்திருந்தால் அங்கே தெரியும். 100 ரூபாய் கட்டினால் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களையே பார்க்கலாம். திவால் சட்டத்தின் கீழ் கம்பெனியைத் தீர்ப்பாயத்துக்கு இழுப்பேன் என்று மிரட்டுவதும் இந்த அளவுப் பாக்கியில் பலிக்காது, ஏனென்றால் அதற்கான குறைந்தபட்சத் தொகை 2020-இலிருந்து 1 கோடி ரூபாய்.

பப்ளிக் லிமிடெட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெயர் 'லிமிடெட்' என்று மட்டும் முடியும், 'பிரைவேட்' என்ற சொல் இராது. பங்கு வைத்திருப்பவர்கள் குறைந்தது ஏழு பேரும் டைரக்டர்கள் மூவரும் தேவை. இதை அரசுக் கம்பெனி என்று நினைப்பவர்கள் உண்டு. நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகம் தமிழ்நாடு அரசின் நிறுவனம். மாநில அரசுக் கம்பெனிகளின் அடையாள எண்ணில் அந்த மூன்று எழுத்துகள் SGC என்று வரும். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி தனியார் வங்கி, 2022-இல் பங்குச் சந்தைக்கு வந்த பப்ளிக் லிமிடெட். இன்னொரு பக்கம், நிதி என்ற பெயரில் உறுப்பினர்களிடம் மட்டும் வைப்புத்தொகை வாங்க அனுமதிக்கப்பட்டவையும் பப்ளிக் கம்பெனியாகத்தான் பதியப்படுகின்றன. ஆகவே 'பப்ளிக்' என்பது பெரியது என்பதற்கோ பாதுகாப்பானது என்பதற்கோ சான்றல்ல. கடனைப் பொறுத்தவரை பிரைவேட் கம்பெனிக்குச் சொன்னதே இதற்கும். பங்கு வைத்திருப்பவர்களின் சொத்தை நீங்கள் தொட முடியாது. பட்டியலிடப்பட்டதாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு வெளிவரும் என்பது ஒரு வசதி.

இப்போது உங்கள் முடிவுக்கு வருவோம். பிரைவேட் லிமிடெட் என்ற பெயர் கம்பீரமாகத் தெரிந்தாலும், உங்களைப் போன்ற சிறிய யூனிட்டுக்கு இந்த இரண்டில் கூட்டாண்மையே நல்ல கடனாளி என்பது என் கருத்து. அங்கே பங்குதாரர்களின் வீடும் நிலமும் பின்னால் நிற்கின்றன. இங்கே 1 லட்சம் மூலதனமும் வெறுமையான ஓர் இடமும் நிற்கின்றன. பங்குதாரர்கள் பெயரில் உள்ள நிலத்தின் சர்வே எண் தெரிந்தால், tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்த்து அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அறிந்துகொள்ளலாம்.

எனவே ஆர்டர் எந்தப் பெயரில் வந்ததோ அந்த 'இன்னார் டிரேடர்ஸ்' பெயரிலேயே, அதன் ஜி.எஸ்.டி. எண்ணிலேயே பில் போடுங்கள். இ-வே பில், டெலிவரி சலான், உங்கள் பேரேட்டுக் கணக்கின் தலைப்பு, பாக்கி உறுதிக் கடிதம் எல்லாம் அதே பெயரில் இருக்கட்டும். அந்த எண்ணில் அவர்கள் உள்ளீட்டு வரிச் சலுகை எடுத்துவிட்டால், சரக்கை வாங்கியது நாங்களல்ல, கம்பெனிதான் என்று பிறகு சொல்வது அவர்களுக்குக் கடினம். நடுவில் என்றைக்காவது 'இனிமேல் பிரைவேட் லிமிடெட் பெயருக்குப் பில் போடுங்கள், எல்லாம் ஒன்றுதானே' என்று சொல்லி வேறு ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்தால், அன்றோடு கடனாளி மாறிவிடுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். கூட்டாண்மை கம்பெனியாக மாறினால் பான் மாறும், அதனால் ஜி.எஸ்.டி. எண்ணும் மாறியே தீரும். அந்த நிலையில் பழைய பாக்கியை முழுவதும் வாங்கிய பிறகே புதிய பெயருக்குச் சரக்கு அனுப்ப வேண்டும். அப்போதும் டைரக்டர்கள் இருவரும் தங்கள் சொந்தப் பொறுப்பில் எழுத்துமூலம் ஜாமீன் தந்தாலொழியக் கடன் கொடுக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஜாமீன் கடிதத்தில் 'டைரக்டர்' என்ற முத்திரையோடு கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். தந்தை பெயர், வீட்டு முகவரியோடு தனிநபராகக் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனிக்குக் கம்பெனியே ஜாமீன் நின்றதாகிவிடும்.

ஏற்கெனவே கம்பெனிக் கணக்கிலிருந்து வந்த 50,000 ரூபாயைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. 'இன்ன தேதியில் இன்னார் ஃபைபர்ஸ் பிரைவேட் லிமிடெட் கணக்கிலிருந்து அனுப்பிய தொகை, இன்னார் டிரேடர்ஸ் நிறுவனத்தின் இன்ன எண் ஆர்டருக்காக அதன் சார்பில் செலுத்தப்பட்டது' என்று இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பாதுகாப்புக்காகக் காசோலை தருவதாகச் சொன்னால், அது 'இன்னார் டிரேடர்ஸ்' கணக்கின் காசோலையாகவும், 'பார்ட்னர்' என்ற முத்திரையின் கீழ் கையெழுத்திட்டதாகவும் இருக்க வேண்டும். கம்பெனியின் காசோலையை வாங்கிக்கொண்டு அது திரும்பி வந்தால், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் கம்பெனிக்கும் கையெழுத்திட்டவருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கம்பெனியைச் சேர்க்காமல் டைரக்டர்மேல் மட்டும் தொடுக்கும் புகார் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது.

முதல் இரண்டு மாதங்களுக்கு 6 லட்சத்தையும் கடனாகக் கொடுக்காமல், 2 லட்சம் என்று ஒரு வரம்பு வைத்து, அந்தப் பணம் எந்தப் பெயரிலுள்ள கணக்கிலிருந்து வருகிறது என்று பாருங்கள். 'டிரேடர்ஸ்' கணக்கிலிருந்தே ஒழுங்காக வந்தால் வரம்பை உயர்த்தலாம். அதற்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்து நகலும் உங்கள் கைக்கு வந்திருக்கும். அதில் உள்ள பங்குதாரர்களின் பெயரையும் ஆர்டரில் கையெழுத்திட்டவரின் பெயரையும் ஒப்பிடுங்கள். கையெழுத்திட்டவர் பட்டியலில் இல்லையென்றால், பங்குதாரர் ஒருவர் அவருக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம் வரும்வரை லாரியில் சரக்கு ஏற்ற வேண்டாம்.